ட்ரெயின் டியூபில் அளவு திடீரென்று குறைந்தால் நல்லதா? மார்பக அறுவைக்குப் பின் வீட்டில் பார்க்க வேண்டியவை

கேள்வி: வணக்கம் சிஸ்டர். நாங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம். அத்தைக்குக் கோயமுத்தூரில் வலது மார்பகத்தையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டு, இரண்டு ட்ரெயின் டியூபோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தினமும் அளந்து எழுதச் சொன்னார்கள். எப்படிச் சரியாக அளப்பது? எதைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? நேற்று அக்குள் டியூபில் திடீரென்று குறைந்துவிட்டது. சீக்கிரம் ஆறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்:

முதலில் நேற்றுக் குறைந்த அந்த டியூபைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம். டியூபின் மேல் இருக்கும் கிளாம்ப் திறந்திருக்கிறதா, டியூப் எங்காவது மடங்கியோ அத்தையின் முதுகுக்கு அடியில் அழுந்தியோ கிடக்கிறதா, டியூபின் முனையில் நீர் சேரும் டப்பா அமுங்கிய நிலையில் இருக்கிறதா அல்லது காற்றால் உப்பிவிட்டதா, டியூபுக்குள் கருஞ்சிவப்பாக ஏதாவது அடைத்து நிற்கிறதா, தோலில் டியூபைப் பிடித்திருக்கும் தையல் விட்டுப்போய் டியூப் வெளியே நழுவியிருக்கிறதா என்று இந்த ஐந்தையும் பாருங்கள். அதோடு அக்குளும் மார்பும் நேற்றைவிட வீங்கியிருக்கின்றனவா, டியூப் நுழையும் இடத்தைச் சுற்றிக் கட்டுத் துணி நனைந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். ட்ரெயின் அளவு ஆறும்போது படிப்படியாகத்தான் இறங்கும். முந்தைய நாள் நூறு மில்லிக்கு மேல் வந்த டியூப் ஒரே பொழுதில் பத்துக்கும் ஐந்துக்கும் இறங்கினால், நீர் ஊறுவது நின்றுவிட்டது என்பதைவிட, ஊறும் நீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளே தங்குகிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இது ஏன் என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. மார்பகத்தை எடுத்த பிறகு மேல்தோலுக்கும் அதன் அடியில் உள்ள தசைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது கையிலிருந்து வரும் மெல்லிய நிணநீர்க் குழாய்கள் பல அறுபடுகின்றன. அவற்றிலிருந்து கசியும் நீரும் புண்ணிலிருந்து ஊறும் நீரும் இரத்தமும் அந்த இடத்தில் சேரும். தோல் தசையோடு ஒட்டிக்கொள்ளும் வரை இது நிற்காது. அமுக்கி மூடிய டப்பா மெதுவாக விரிய முயலும்போது உண்டாகும் உறிஞ்சும் விசை இரண்டு வேலைகளைச் செய்கிறது: சேரும் நீரை வெளியே இழுக்கிறது, தோலைத் தசையோடு சேர்த்து வைக்கிறது. எனவே டப்பாவில் உறிஞ்சல் இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் தோல் மீண்டும் தூக்கிக்கொள்ள இடம் கொடுக்கிறது. அக்குளில் அறுபட்ட குழாய்கள் அதிகம் என்பதால் அங்கே உள்ள டியூபில் பொதுவாக அதிகமாகவும் அதிக நாளும் நீர் வரும். மார்பின் அடியில் இருக்கும் டியூப் முன்னதாகவே குறையும்.

அளப்பதற்கு முன் இரண்டு டியூபுகளுக்கும் அடையாளம் வைத்துவிடுங்கள். வெள்ளைப் பிளாஸ்திரியில் ‘1 அக்குள்’, ‘2 மார்பு’ என்று எழுதி அந்தந்த டப்பாவில் ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்து எழுதினால் மருத்துவருக்கு அந்தக் கணக்கால் பயன் இல்லை, ஏனென்றால் எந்த டியூபை எப்போது எடுக்கலாம் என்பதை அவர் தனித்தனியாகத்தான் முடிவு செய்வார். சில இடங்களில் இரண்டு டியூபையும் கவட்டை போன்ற ஓர் இணைப்பில் சேர்த்து ஒரே டப்பாவுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். உங்கள் அத்தைக்கு அப்படி இருந்தால் பிரித்து அளக்க முடியாது. மொத்தத்தை மட்டும் எழுதி, மொத்தம் எவ்வளவுக்குக் கீழே வந்தால் எடுப்பார்கள் என்று அறுவை செய்த பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றே கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்: டியூப் தோலில் நுழையும் இடம், தையல், வெளியே தெரியும் டியூபின் நீளம் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு நழுவியதா என்ற சந்தேகம் வரும்போது அந்தப் படம் உடனே பதில் சொல்லிவிடும்.

காலை ஏழு மணி, மாலை ஏழு மணி என்று நாளைக்கு இரண்டு வேளை வைத்துக்கொண்டால் போதும். முதல் சில நாட்களில் டப்பா இடையிலேயே பாதி நிறைந்துவிட்டால் காத்திருக்காமல் காலி செய்யுங்கள், ஏனென்றால் நிறைய நிறைய உறிஞ்சும் விசை குறையும். கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, கையுறை அணிந்துகொள்ளுங்கள். முதலில் டியூபை உருவிவிட வேண்டும். தோலுக்கு அருகில் டியூபை இடது கையின் இரு விரல்களால் அசையாமல் இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களுக்கு நடுவே ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்து டியூபை அழுத்தியபடி டப்பா வரை மெதுவாக இழுத்து வாருங்கள். இடது கை நழுவினால் இழுப்பு முழுவதும் தையலில் விழும், அதனால் அந்தப் பிடியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மெல்லிய நூல் போலச் சிவப்பாகவோ வெண்மையாகவோ இழைகள் ஓடிவந்தால் பயம் வேண்டாம். அவை உறைந்த இரத்தத்தின் துணுக்குகள், இறங்கிவிடுவதே நல்லது.

பிறகு டியூபின் கிளாம்பை மூடுங்கள். டப்பாவின் மூடியைத் திறந்து, அதன் உட்பக்கத்தையும் வாய்ப்பகுதியையும் எதிலும் படாமல் பார்த்துக்கொண்டு, நீரை அளவுக் கோப்பையில் ஊற்றுங்கள். வாய்ப்பகுதியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, டப்பாவை மேசை மேல் வைத்து உள்ளங்கையால் முழுவதும் அமுக்கி, அமுக்கிய கையை எடுக்காமலேயே மூடியை இறுக்குங்கள். கடைசியாகக் கிளாம்பைத் திறங்கள். இந்தக் கடைசிச் செயல்தான் வீடுகளில் அதிகம் மறந்துபோகிறது, அதனால் இதை நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது வழக்கம். அளவை எழுதும் நோட்டிலேயே ‘கிளாம்ப் திறந்தேன்’ என்று ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு வேளையும் அதில் டிக் செய்யுங்கள். திறந்த பிறகு ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அது அமுங்கியபடியே இருந்தால் எல்லாம் சரி. நீர் வராமலேயே ஐந்து நிமிடத்தில் உப்பிவிட்டால் எங்கிருந்தோ காற்று புகுகிறது.

அளவை டப்பாவின் மேல் அச்சிட்ட கோட்டைப் பார்த்து எழுதாதீர்கள். துருத்தி போல மடிப்புள்ள டப்பா எந்த அளவு விரிந்திருக்கிறது, சாய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்தக் கோடு ஏமாற்றும். அளவுக் கோப்பையைச் சமமான இடத்தில் வைத்து, குனிந்து கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். முதல் நாட்களில் நூறு மில்லி கோப்பை போதும். ஆனால் அளவு முப்பதை நெருங்கத் தொடங்கியதும் பெரிய கோப்பையில் படிப்பது நம்பத்தக்கதாக இராது. ஊசி இல்லாத இருபது மில்லி சிரிஞ்சு ஒன்றை மருந்துக் கடையில் வாங்கி, கோப்பையில் ஊற்றிய நீரை அதில் இழுத்து அளங்கள். சிரிஞ்சைக் கோப்பையோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும், டியூபிலோ டப்பாவின் வாயிலோ வைக்கவே கூடாது. அளந்த நீரைக் கழிப்பறையில் ஊற்றித் தண்ணீர் விட்டுவிடுங்கள். கோப்பையைத் தனியாக வைத்து, வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

நோட்டில் தேதி, மணி, ஒவ்வொரு டியூபின் அளவு, நிறம், அன்றைய காய்ச்சல் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். மணியை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எடுக்கலாமா என்று முடிவு செய்வது இருபத்து நான்கு மணி நேரத்துக்கான மொத்தத்தை வைத்து. இன்று காலை ஏழுக்குக் காலி செய்துவிட்டு, நாளை வேலை மும்முரத்தில் பத்து மணிக்குக் காலி செய்தால் அது இருபத்தேழு மணி நேரத்து நீர். நூறு வரும் நாட்களில் இந்த வித்தியாசம் பெரிதல்ல. இருபத்தெட்டா முப்பத்திரண்டா என்று பார்க்கும் நாட்களில் அது முடிவையே மாற்றிவிடும்.

பல அறுவை மருத்துவர்கள் ஒரு டியூபில் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் குறைவாக, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் அந்த டியூபை எடுக்கிறார்கள். சிலர் 20 என்பார்கள், சிலர் 50 வரை ஒப்புக்கொள்வார்கள். உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருப்பதே உங்களுக்குப் பொருந்தும். அளவு குறையாமல் நீண்டுகொண்டே போனாலும் டியூபை மாதக்கணக்கில் விட்டுவைப்பதில்லை, ஏனென்றால் தோலைத் துளைத்து நிற்கும் எதுவும் நாளாக ஆகக் கிருமிக்கு வழியாகும். இரண்டு வாரத்தை ஒட்டி மருத்துவர் மறுபடி யோசித்து முடிவெடுப்பார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். அத்தையைப் போலவே இரண்டு டியூபோடு மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த ஒருவரின் நோட்டு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் அக்குளில் 140, மார்பில் 80. நான்காம் நாள் 120, 65. ஐந்தாம் நாள் 110, 45. இரண்டுமே அளவாக இறங்குகின்றன. நிறமும் அடர் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்புக்கு வந்திருக்கிறது. ஆறாம் நாள் காலை அக்குளில் 50, அன்று மாலை வெறும் 5. மார்பில் வழக்கம்போல அன்றைய மொத்தம் 35. அந்த 5 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர் மகிழ்ந்துவிடுவார். ஆனால் முந்தைய வேளையில் 50 வந்த டியூப் பன்னிரண்டு மணி நேரத்தில் 5 தரக் காரணம் இல்லை. பார்த்தபோது காலையில் மூடிய கிளாம்ப் திறக்கப்படவே இல்லை. அக்குள் புடைத்து, கையைக் கீழே வைத்தால் அழுத்துகிறது என்கிறார். கிளாம்பைத் திறந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் 60 மில்லி இறங்கி, புடைப்பும் தணிந்தது. அந்த நாளுக்குரிய உண்மையான அளவு 50, 5, 60 ஆகிய மூன்றும் சேர்ந்து 115. நோட்டில் அதை அப்படியே, ‘கிளாம்ப் மூடியிருந்தது, மாலை எட்டுக்குத் திறந்தோம்’ என்ற குறிப்போடு எழுதினால் மருத்துவர் சரியாகப் படித்துக்கொள்வார். வெட்கப்பட்டு மறைத்து 55 என்று எழுதினால், நீர் வேகமாக வற்றுகிறது என்று அவர் தவறாக எண்ண இடமாகும்.

ஏழாம் நாள் அக்குளில் 95, மார்பில் 25. எட்டாம் நாள் 85, 20. மார்பு டியூப் இரண்டு நாள் முப்பதுக்குக் கீழே வந்துவிட்டதால் ஒன்பதாம் நாள் அதை எடுக்கலாம். அக்குள் டியூப் தொடரும். அதற்கடுத்த நாட்களில் அக்குளில் 70, 60, 45, 28, 22 என்று இறங்கினால், பதினான்காம் நாளை ஒட்டி அதையும் எடுக்கலாம். கடைசி இரண்டு எண்களையும் நம்பி எடுப்பதற்கு அவற்றுக்கு முன்னே 70, 60, 45 என்ற படிகள் இருப்பதுதான் காரணம். படிகள் இல்லாமல் 70க்குப் பிறகு 8 வந்தால், எடுப்பதற்கு முன் அடைப்பைத்தான் தேட வேண்டும்.

அடைப்பைத் தேடும்போது கிளாம்ப் திறந்து, மடிப்பை நீக்கி, டப்பாவை மறுபடி அமுக்கி மூடி, மேலே சொன்னபடி இரண்டு மூன்று முறை உருவிவிடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் நீர் வரத் தொடங்கவில்லை என்றால், அல்லது அதற்குள் வீக்கம் கூடினால், அன்றே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்ப்பது, காற்றோ உப்புநீரோ செலுத்திப் பார்ப்பது இரண்டும் வேண்டாம். வெளியே உள்ள கிருமியை நேரே புண்ணுக்குள் அனுப்பும் வேலை அது. டப்பா உடனுக்குடன் உப்பினால் முதலில் மூடியையும் இணைப்பையும் இறுக்கிப் பாருங்கள். அவை சரியாக இருந்தும் உப்பினால், டியூப் வெளியே நழுவி, அதன் பக்கவாட்டுத் துளை ஒன்று தோலுக்கு வெளியே வந்து காற்றை இழுக்கிறது என்று பொருள். முன்பே கைபேசியில் எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வெளியே வந்த டியூபை எக்காரணம் கொண்டும் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான காஸ் துணியால் மூடி, பிளாஸ்திரி ஒட்டி, அன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். டியூப் முழுவதுமாக உருவி விழுந்துவிட்டாலும் இதே முறைதான். துளையின் மேல் காஸ் வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுக் கூப்பிடுங்கள், விழுந்த டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

அளவு கூடுவதற்கு வருவோம். தெளிந்த மஞ்சளாக வந்துகொண்டிருந்த நீர் ஒரு நாள் இருபது, முப்பது மில்லி கூடுவது பெரும்பாலும் கையைப் பயன்படுத்தியதன் விளைவு. குடத்தைத் தூக்கியது, துணி பிழிந்தது, மாவு பிசைந்தது எல்லாம் இதில் வரும். விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகளும், பிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவுக்குத் தோளை உயர்த்துவதும் தொடர வேண்டும். கையை அசைக்காமலேயே வைத்தால் தோள் இறுகிவிடும். டியூப் இருக்கும்வரை தோள் மட்டத்துக்கு மேலே கையைத் தூக்க வேண்டாம் என்பதே பல இடங்களில் சொல்லும் எல்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் ட்ரெயின் குறையும் என்று வந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். அது உண்மை இல்லை, தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்கட்டும்.

அளவைவிட நிறம் முக்கியமாகும் நேரம் ஒன்று உண்டு. இளஞ்சிவப்போ மஞ்சளோ ஆகிவிட்ட நீர் மறுபடி புது இரத்தம் போலப் பளிச்சென்று சிவந்து வந்தால், காலையில் பார்க்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். டப்பா ஒரு மணி நேரத்துக்குள் நூறு மில்லியை நெருங்கும் அளவு புதிய இரத்தத்தால் நிறைந்தாலோ, மார்போ அக்குளோ கண் முன்னே இறுகி வீங்கினாலோ, தோலின் கீழ் கருநீலம் பரவினாலோ, அத்தைக்குத் தலைசுற்றல், வியர்வை, படபடப்பு வந்தாலோ அது உள்ளே இரத்தம் கசிகிறது என்பதன் அடையாளம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரத்தம் உறைந்து டியூபை அடைத்துக்கொண்டால் டப்பாவில் மிகக் குறைவாகத்தான் விழும். எனவே வீக்கம் இருக்கும்போது டப்பாவில் இருக்கும் சிறிய எண் எந்த உறுதியையும் தராது. கிளாம்பை மூடினால் இரத்தம் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். அது வெளியே தெரியாமல் உள்ளே சேரும். அத்தையைப் படுக்க வைத்து, மடித்த சுத்தமான துணியை வீங்கிய இடத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் உறுதியாக அழுத்துங்கள். மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டுபோக நேரலாம் என்பதால் உணவோ காப்பியோ கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊரிலிருந்து கோவைக்குப் போக வேலந்தாவளம் வழியாகச் சாதாரண நேரத்திலேயே ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகிவிடும். இரத்தம் கசியும்போது அறுவை செய்த மருத்துவமனைக்கே போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணத்தில் எல்லையைத் தாண்டி ஓடாதீர்கள். சித்தூரோ பாலக்காடோ, அறுவை மருத்துவர் இருக்கும் மிக அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்; அழுத்திக் கட்டவும், குளுக்கோஸ் ஏற்றவும், தேவையானால் இரத்தம் ஏற்பாடு செய்யவும் அவர்களால் முடியும். ஆம்புலன்சுக்குக் கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் 108 தான் எண். போகும் வழியில் கோவை மருத்துவமனைக்குப் பேசுங்கள். டிஸ்சார்ஜ் தாளும் அளவு நோட்டும் ஒரே உறையில், கதவருகே இருக்கட்டும். அங்கே மலையாளத்தில் விளக்கத் தடுமாறினாலும் எண்களும் நேரமும் எழுதிய நோட்டு பேசிவிடும். வலது அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருக்கிறது, ஊசியும் இரத்த அழுத்தமும் இடது கையில் பாருங்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கிருமித் தொற்று இரத்தக் கசிவைப் போல நிமிடங்களில் வராது. ஒன்றிரண்டு நாளில் வளரும். டியூப் நுழையும் தையலைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்திருப்பது சாதாரணமே. அந்தச் சிவப்பு விரிகிறதா என்பதை ஊகிக்க வேண்டாம். பேனாவால் அதன் ஓரத்தில் கோடு போட்டு, ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டினால், தொட்டால் சூடாக இருந்தால், வலி கூடிக்கொண்டே போனால், நீர் கலங்கிச் சீழ் போலவோ நாற்றத்துடனோ வந்தால், அன்றே காட்ட வேண்டும். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டாலும், குளிர் நடுக்கம் வந்தாலும் இரவு என்று பார்க்காமல் கூப்பிடுங்கள். வலிக்காக நாளைக்கு மூன்று வேளை பாராசிட்டமால் எடுப்பவருக்குக் காய்ச்சல் மறைந்துவிடும் என்பதால், மாத்திரை கொடுப்பதற்கு முன்பே வெப்பமானி வைத்துப் பார்த்து எழுதுங்கள். அறுவைக்கு முன் கீமோ கொடுத்திருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ காய்ச்சலை இன்னும் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அக்குளும் மேற்கையின் உட்புறமும் இப்போது மரத்துப்போயிருக்கும். அங்கே தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அறுவையில் பாதிக்கப்படுவது வழக்கம். அதனால் டியூப் இழுபட்டாலும் அத்தைக்குத் தெரியாமல் போகலாம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சுட்டுவிடுவதும் தெரியாது. உங்கள் பக்கம் உடம்பு தேற வேண்டும் என்று அன்போடு தைலமும் குழம்பு என்ற ஆயுர்வேத எண்ணெயும் தேய்த்துவிடுபவர்கள் இருப்பார்கள். டியூப் இருக்கும் வரை அந்தப் பக்கத்தில் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம்; எண்ணெய் பட்டால் பிளாஸ்திரி பிடிக்காது, டியூப் நழுவும். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு, டியூப் இருக்கும் இடத்தை நனையாமல் வையுங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி போட்டு, இடுப்பில் கட்டிய துணிப்பையில் இரண்டு டப்பாக்களையும் மார்பு மட்டத்துக்குக் கீழே வைத்தால் நடக்கும்போது இழுபடாது.

அரிதாக வரும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்குள் டியூபில் நீர் பால் போல வெண்மையாக, அதுவும் எண்ணெய்ப் பண்டமோ நெய்யோ சாப்பிட்ட பிறகு அதிகமாக வந்தால், குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்துவரும் நிணநீர்க் குழாயில் கசிவு இருக்கலாம். அது இடப்பக்க அறுவையில்தான் பெரும்பாலும் வரும். அத்தைக்கு வலப்பக்கம் என்றாலும் பார்த்தால் அன்றே தெரிவியுங்கள், உணவை மாற்றிப் பெரும்பாலும் சரிசெய்வார்கள். இது சீழ் அல்ல, நாற்றமும் இராது. மார்பின் தோல் ஓரிடத்தில் கருத்துப்போவதையும் அன்றே காட்ட வேண்டும். மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவை டியூபோடு சம்பந்தமில்லாதவை போலத் தெரிந்தாலும், அறுவைக்குப் பின் இரத்தக் கட்டி உண்டாவதால் வரக்கூடியவை. அவற்றுக்கு 108ஐத்தான் கூப்பிட வேண்டும்.

டியூபை எடுத்த பிறகும் சில நாட்களில் அக்குளிலோ மார்பிலோ நீர் சேர்ந்து மெத்தென்று புடைப்பது அடிக்கடி நடப்பதுதான். வலியோ சிவப்போ காய்ச்சலோ இல்லாமல் மெதுவாகச் சேர்ந்தால் ஓரிரு நாளில் காட்டினால் போதும். தேவைப்பட்டால் மருத்துவர் ஊசியால் இழுத்துவிடுவார், சிலருக்கு அது ஒன்றுக்கு மேற்பட்ட முறை தேவைப்படும். இறுக்கமாக வலித்தாலோ சிவந்தாலோ அன்றே போக வேண்டும். டியூப் எடுத்த துளையிலிருந்து ஓரிரு நாள் மஞ்சள் நீர் கசிந்து காஸ் நனைவதும் இயல்பு. காஸை மாற்றிக்கொண்டே, எத்தனை காஸ் நனைந்தது என்பதை அதே நோட்டில் எழுதி, அடுத்த முறை போகும்போது கொண்டுபோங்கள்.